எளிமையாக எழுதும்போது பெரியவர்களைச் சிறுபிள்ளை ஆக்காமல் இருக்க: தொண்டர்கள் கேட்ட கேள்விகள்

ரங்கூனில் ஒரு கோயில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை இலவச மருத்துவ முகாம் நடக்கிறது. டாக்டர் கொடுக்கும் மருந்தோடு தமிழில் ஒரு தாளும் கொடுக்கிறோம். தாளை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பார்கள். இந்தத் தாள்களை எழுதவும் திருத்தவும் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ப்ரஷர் மாத்திரைத் தாளை வைத்தே பெரும்பாலும் பதில் சொல்லியிருக்கிறேன். நாங்கள் அதிகம் தவறு செய்ததும் அதிகம் கற்றதும் அந்தத் தாளில்தான்.

அக்கா, நான் எளிமையாகத்தானே எழுதினேன். அதில் மரியாதைக் குறைவு எங்கே வந்தது?

நீங்கள் எழுதியதில் மரியாதைக் குறைவான சொல் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். நான் முதலில் எழுதிய தாளிலும் இல்லை. "நீங்கள்" இருந்தது, "அன்பான" இருந்தது. ஆனாலும் அதைப் படித்த ஒரு பெரியவர் தாளை நாலாக மடித்து என் கையிலேயே கொடுத்து, "இதை வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்குக் கொடும்மா" என்றார். அவர் கோபப்படவில்லை. அவருக்கு எழுதியது என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அன்று இரவு டாக்டர் எழுதித் தந்த மூலத்தையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூலத்தில் மாத்திரை ஏன், எப்போது, விட்டுப்போனால் என்ன, கால் வீங்கினால் என்ன என்று எல்லாம் இருந்தது, கடினமான தமிழில். என் தாளில் தமிழ் எளிமையாக இருந்தது. ஆனால் ஏன் என்பது போய்விட்டது, கால் வீக்கம் போய்விட்டது. மிஞ்சியது செய், செய்யாதே, டாக்டர் சொன்னதைக் கேள். வெட்டும்போது முதலில் காரணத்தை வெட்டியிருக்கிறேன், கட்டளையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். காலியான இடத்தை நிரப்ப அன்பான வார்த்தைகளைப் போட்டிருக்கிறேன். காரணம் சொல்லாமல் செய் என்று நாம் சொல்வது குழந்தையிடம். பெரியவருக்கு அதுதான் கேட்டிருக்கிறது.

அதனால் திருத்தும்போது நான் முதலில் தேடுவது மோசமான சொல்லை அல்ல. மூலத்தில் இருந்து எளிய தாளுக்கு வந்து சேராமல் போனது எது என்று தேடுகிறேன். மூலத்தில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கோடு போட்டு, எளிய தாளில் இருக்கிறதா என்று அடித்துக்கொண்டே வந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எந்தச் சொல்லைப் பார்த்ததும் நிறுத்தி யோசிக்க வேண்டும்?

முதலாவது, பொய்யான "நாம்". "நாம் தினமும் மாத்திரை போட்டுக்கொள்வோம்" என்று எழுதுகிறோம். மாத்திரை போடப்போவது படிக்கிறவர், எழுதியவர் இல்லை. தமிழில் "நாம்" என்றால் கேட்பவரையும் சேர்த்து, "நாங்கள்" என்றால் கேட்பவரை விட்டு. அந்த வித்தியாசம் காதில் துல்லியமாக விழும் மொழி நம்முடையது. அதனால் செய்யாத வேலையில் நம்மையும் சேர்த்துக்கொண்டால், பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது "நாம மம்மு சாப்பிடுவோமா" என்று சொல்கிற குரல் வந்துவிடுகிறது. உண்மையிலேயே இருவரும் சேர்ந்து செய்வதற்கு மட்டும் "நாம்" வைத்துக்கொள்ளுங்கள். "அடுத்த முகாமில் நாம் மறுபடி ப்ரஷர் பார்ப்போம்" என்பது சரி.

இரண்டாவது, "கூட", "தான்", "தானே". இவை சின்ன ஒட்டுகள், எழுதுகிறவர் கண்ணுக்குத் தப்பிவிடும். "படிக்காதவர்கள்கூடப் புரிந்துகொள்ளலாம்" என்று தாளின் தலையில் போட்டால், உன்னிடம் அதை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னதாகும். "இது எளிதுதான்" என்று எழுதினால், புரியாதவருக்கு எளிதுகூடப் புரியவில்லையே என்ற வெட்கம் வரும். எளிதா இல்லையா என்று முடிவு செய்வது படிப்பவர். அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துவிடலாம், தாளில் ஒன்றும் குறையாது.

மூன்றாவது, நடக்காத தப்பை முன்கூட்டியே திட்டும் சொற்கள். "மறக்காமல்", "ஒழுங்காக", "சொன்னபடி", "நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்". இவை ஒவ்வொன்றும், இவர் மறப்பார், ஒழுங்கில்லாதவர், தானாக ஏதாவது செய்துவிடுவார் என்று முன்கூட்டியே நினைத்து எழுதப்பட்டவை. "மறக்காமல் தினமும் போடுங்கள்" என்பதில் "மறக்காமல்" என்பதை எடுத்தால் அர்த்தத்தில் ஏதாவது போகிறதா? போகவில்லை. மறதி உண்மையிலேயே வரக்கூடியது என்றால் அதற்கு வேண்டியது திட்டு இல்லை, வழி. "ஒரு வேளை விட்டுப்போனால் இப்படிச் செய்யுங்கள்" என்று எழுதினால், விட்டுப்போவது எல்லோருக்கும் நடப்பது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

"பயப்படாதீர்கள்", "கவலை வேண்டாம்" ஆகியவையும் அப்படித்தான். தாளைப் படிக்கத் தொடங்கும்போது அவருக்குப் பயம் இருந்திருக்காது. படித்த பிறகு, பயப்பட ஏதோ இருக்கிறது போலிருக்கிறதே என்று வரும். "குட்டி மாத்திரை", "சின்ன ஊசி" எல்லாம் சொல்லவே வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

காரணம் எல்லாம் எழுதினால் படிப்பு குறைந்தவர்கள் குழம்பிப் போவார்களே?

எழுத்து தெரியாததும் விஷயம் தெரியாததும் வேறு வேறு. நம் முகாமுக்கு வரும் ஒரு பெரியம்மா அம்பது வருடமாகப் பத்துப் பேருக்குச் சமைத்தவர். மார்க்கெட்டில் வீசைக் கணக்கில் வாங்கி, மாதச் செலவை மனக்கணக்காகவே போடுகிறவர். அவரிடம் "உப்பைக் குறையுங்கள்" என்று இரண்டு சொல்லில் எழுதிக் கொடுத்தோம். எவ்வளவில் இருந்து எவ்வளவுக்கு? ஏன்? ஒன்றும் இல்லை. அவர் ஏற்கெனவே குறைத்துத்தான் போடுவதாகச் சொன்னார். அந்தத் தாளை வைத்து அதற்கு மேல் பேச இடமில்லை.

பிறகு அதையே இப்படி மாற்றினோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ். தலை தட்டிய ஒரு டீஸ்பூனைவிடக் கொஞ்சம் குறைவு. வீட்டில் ஐந்து பேர் என்றால் நாளைக்கு 25 கிராம், மாதத்துக்கு 750 கிராம். இங்கே ஒரு வீசை ஏறத்தாழ 1,630 கிராம், அரை வீசை 815. ஆக ஐந்து பேர் வீட்டில் மாதம் அரை வீசை உப்பு முழுதாகத் தீர்ந்தாலே அளவு தாண்டிவிட்டது. மீனைப் புளிக்கவைத்துச் செய்யும் நாப்பியிலும் கருவாட்டிலும் உள்ள உப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும், அதனால் டப்பாவில் இருந்து எடுக்கும் உப்பு அதைவிடக் கணிசமாகக் குறைய வேண்டும். (பழைய மெட்ராஸ் வீசை சுமார் 1.4 கிலோ. தமிழ்நாட்டில் இருந்து வந்த குறிப்பு எதையாவது பார்த்து எழுதினால் இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள்.)

தாளில் கிராம் கணக்கு முழுவதையும் போடவில்லை. மூன்று வரிதான் போட்டோம்: "ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனைவிடக் கொஞ்சம் குறைவான உப்பு போதும், அதற்கு மேல் வேண்டாம். ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் அரை வீசைக்கும் குறைவு. நாப்பி, கருவாடு உப்பும் இதில் சேரும்." பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டில் ஒன்றரை வீசை வாங்குறோம், ஊறுகாய் போடுறதால" என்றார். பிறகு ஊறுகாய்க்குப் போவது எவ்வளவு, குழம்புக்குப் போவது எவ்வளவு என்று அவரே பிரித்துச் சொன்னார். அளவைக் கையில் கொடுத்ததும் கணக்கை அவர் எடுத்துக்கொண்டார். குழப்பம் எங்கேயும் வரவில்லை.

காரணம் சொல்வது ஒரு வரியில் முடியும். முடியவில்லை என்றால் எழுதுகிறவருக்கே காரணம் தெளிவாகத் தெரியவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.

முழுசாக ஒரு தாளைத் திருத்திக் காட்ட முடியுமா?

டாக்டர் எழுதித் தந்தது இது:

"உயர் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதற்காகப் பரிந்துரைக்கப்பட்டுள்ள அம்லோடிபின் மாத்திரையை நாள்தோறும் குறிப்பிட்ட நேரத்தில் உட்கொள்ள வேண்டும். மருந்து இரத்த நாளங்களைத் தளர்த்துவதன் மூலம் செயல்படுவதால், அழுத்தம் சீரான பின்னரும் மருத்துவ ஆலோசனையின்றி நிறுத்துதல் கூடாது. தவறவிட்ட வேளைக்காக இருமடங்கு உட்கொள்ளுதல் தவிர்க்கப்பட வேண்டும். கணுக்கால் வீக்கம் ஏற்படின் மருத்துவரை அணுகவும்."

நான் முதலில் "எளிமையாக்கியது" இது:

"அன்பான தாத்தா பாட்டிகளே! ப்ரஷர் ஒரு பொல்லாத நோய். ஆனால் பயப்படாதீர்கள்! நாம் தினமும் ஒரே ஒரு குட்டி மாத்திரை போட்டுக்கொண்டால் போதும். மறக்காமல் போட வேண்டும், சரியா? உடம்பு நன்றாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. எப்போதும் டாக்டர் சொல்வதைக் கேட்டு நடங்கள்!"

மூலத்தில் இருந்த செய்திகளை எண்ணிப் பாருங்கள். மருந்தின் பெயர், நேரம், எப்படி வேலை செய்கிறது, ஏன் நிறுத்தக் கூடாது, விட்டுப்போனால் இரண்டாகப் போடக் கூடாது, கால் வீக்கம். ஆறு. என் தாளில் ஒழுங்காக வந்தது ஒன்றுகூட இல்லை. தினமும் என்பது வந்தது, நேரம் வரவில்லை. நிறுத்தாதே என்பது வந்தது, ஏன் என்பது வரவில்லை. கால் வீங்கிய ஒருவர் இந்தத் தாளைப் பார்த்தால் என்ன செய்வார்? மாத்திரைதான் காரணம் என்று தெரியாது. தெரிந்தால் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார். மரியாதைக் குறைவு மனசை மட்டும் புண்படுத்தும் என்று நினைத்திருந்தேன். இங்கே அது உடம்பையும் தொடுகிறது.

இப்போது கொடுக்கும் தாளின் முக்கியப் பகுதி இது:

"அம்லோடிபின், ப்ரஷர் மாத்திரை.

ஒரு நாளைக்கு ஒன்று. சாப்பாட்டுக்கு முன்பும் போடலாம், பின்பும் போடலாம். தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள்.

இந்த மாத்திரை ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. குழாய் தளர்ந்தால் ப்ரஷர் இறங்கும். தினமும் போட்டால்தான் குழாய் தளர்ந்தே இருக்கும்.

ப்ரஷர் அளவு சரியாக இருந்தால், மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். நிறுத்தினால் சில நாளில் அளவு மறுபடி ஏறும். ஏறுவது பெரும்பாலும் உடம்பில் தெரியாது. நிறுத்த நினைத்தால் முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.

ஒரு வேளை விட்டுப்போனால், நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுப்போனதை விட்டுவிடுங்கள். இரண்டு சேர்த்துப் போட்டால் ப்ரஷர் ரொம்ப இறங்கித் தலை சுற்றலாம்.

சிலருக்கு இந்த மாத்திரையால் கணுக்கால் வீங்கும். வீங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம்."

இது என் முதல் தாளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். அதைப் பார்த்துப் பயப்பட்டோம். ஆனால் யாரும் நீளம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பத்தியும் அவர்கள் மனதில் ஏற்கெனவே இருந்த ஒரு கேள்விக்குப் பதில். "ப்ரஷர் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்ற கேள்வி எங்களிடம் முகாமுக்கு முகாம் வந்துகொண்டிருந்தது. அதற்கான பதில் டாக்டரின் தாளில் முதல் நாளே இருந்திருக்கிறது. அதை வெட்டியது நாங்கள்.

"நிறுத்த நினைத்தால் முதலில் டாக்டரிடம் பேசுங்கள்" என்ற வரியைக் கவனியுங்கள். "நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது" என்பதும் அதே வேலையைத்தான் சொல்கிறது. ஆனால் முன்னது, நிறுத்த நினைப்பதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்கும் என்று ஒத்துக்கொள்கிறது. காரணம் பெரும்பாலும் இருக்கிறது, பணம், கால் வீக்கம், வேறு மருந்து என்று ஏதாவது. அதைச் சொல்ல வைத்தால்தான் டாக்டருக்கும் உதவி.

வாக்கியங்களைச் சின்னதாக வெட்டினாலே போதாதா?

சூசன் கெம்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் முதியவர்களிடம் பேசும் விதத்தைப் பல வருடம் ஆராய்ந்தவர். 1999இல் வெளிவந்த ஒரு ஆய்வில் அவரும் இன்னொருவரும் சேர்ந்து, முதியவர்களிடம் நாம் வழக்கமாகச் செய்யும் மாற்றங்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வாக்கியங்களைப் பிரிப்பதும், சொன்னதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்வதும் உதவின. வெறுமனே வாக்கியத்தைக் குட்டையாக்குவதும், மெதுவாகப் பேசுவதும், குரலை உயர்த்திக் கொஞ்சுவதும் உதவவில்லை. அது பேச்சைப் பற்றிய ஆய்வு, ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் நம் தாள்களிலும் அதையே பார்க்கிறேன்.

தமிழில் அடுக்கு எங்கே வருகிறது என்றால் பெயருக்கு முன்னால். "டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போட்டதால் வந்த தலைச்சுற்றல் நிற்காத நிலையில்" என்று எழுதினால், கடைசிச் சொல் வரும்வரை எல்லாவற்றையும் மனசில் பிடித்துக்கொண்டே போக வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்குப் பாதி வழியில் தொடக்கம் நழுவிவிடும். அதை நடந்த வரிசையில் பிரித்துப் போடுங்கள்: "அளவுக்கு மேல் போட்டுவிட்டால் தலை சுற்றலாம். சுற்றல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்." அது பிரிப்பது.

"மாத்திரை போடுங்கள். தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றும். உட்காருங்கள்." இது வெட்டுவது. வெட்டியதில் போனது நீளம் மட்டும் இல்லை. "ஆல்", "அதனால்", "ஆனால்", "வரை" எல்லாம் போய்விட்டன. எது எதனால் என்பது அந்தச் சொற்களில்தான் இருந்தது. தலை எல்லோருக்கும் சுற்றுமா, எப்போது சுற்றும் என்று இதைப் படித்துச் சொல்ல முடியாது. கேட்கவும் அதட்டல் மாதிரி இருக்கிறது. என் வழக்கம் இது: ஒரு பத்தியில் தொடர்ந்து மூன்று வாக்கியத்தில் இணைப்புச் சொல் ஒன்றும் இல்லை என்றால், வெட்டும்போது காரணம் விழுந்திருக்கிறதா என்று மூலத்தைத் திரும்பப் பார்ப்பேன்.

எங்கள் பெரியவர்கள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் பர்மிய எழுத்துதான் வேகமாகப் படிப்பார்கள். இவர்களுக்கு எதை எளிமையாக்குவது?

எழுத்தை எளிமையாக்குங்கள், விஷயத்தைக் குறைக்காமல் அப்படியே வையுங்கள். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபோது பத்து வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபது. அதற்குப் பிறகு படிப்பு பர்மிய மொழியில், தமிழ் எழுத்து கோயில் வகுப்பில் கிடைத்த அளவுக்கு. சிலர் பர்மிய மொழியில் செய்தித்தாள் வரிவிடாமல் படிக்கிறவர்கள், கடை நடத்தியவர்கள், கணக்கு எழுதியவர்கள். தமிழ்த் தாளில் விரல் வைத்துப் படிப்பதைப் பார்த்து அவர்களைப் "படிக்காதவர்" என்று நாம் எண்ணுகிறோம். அங்கேதான் எல்லாத் தப்பும் தொடங்குகிறது.

இவர்களைத் தடுக்கி விழவைப்பது நீளமாகச் சேர்ந்த சொற்கள். "கட்டுப்படுத்துவதற்காகப்" என்று ஒரே மூச்சில் வந்தால் மூன்று முறை திரும்பிப் படிக்கிறார்கள். "கட்டுப்படுத்த" என்றால் உடனே போய்விடுகிறார்கள். "இரத்தவழுத்தம்" தடுக்கும், "ப்ரஷர்" தடுக்காது. பலர் பர்மிய சொல்லான "துவேதோ" என்றே சொல்கிறார்கள், அதைத் தாளின் தலைப்பில் தமிழ் எழுத்தில் ஒருமுறை போட்டால் இது எந்தத் தாள் என்று ஒரே பார்வையில் தெரியும். பர்மிய எழுத்திலும் மருந்தின் பெயரைப் போடுவது இன்னும் நல்லது. மருந்துக் கடையில் காட்டவும் உதவும்.

ஆனால் ப்ரஷர் என்றால் என்ன என்று தொடக்கத்தில் விளக்காதீர்கள். பத்து வருடமாக அதோடு வாழ்கிறவர்கள். தெரிந்ததை விளக்கி, தெரியாததை விட்டுவிடும் தாளைத்தான் அவர்கள் மடித்து வைத்துவிடுகிறார்கள்.

தாத்தா, பாட்டி, ஐயா, அம்மா, எப்படி அழைப்பது?

தாளில் அழைக்காமலே எழுதலாம். "நீங்கள்" போதும், பெரும்பாலும் வினைமுற்றே காட்டிவிடும். நேரில் ஐயா, அம்மா, அல்லது பழகிய முறைப்படி பெரியம்மா, மாமா. "தாத்தா" என்பது பேரன் சொன்னால் அன்பு, அச்சிட்ட தாள் சொன்னால் வயசைக் குத்திக்காட்டுவது. எங்கள் முகாமில் அம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கும் அதே தாள் போகிறது.

"போடவும்", "அணுகவும்" என்று முடிக்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அது அலுவலகப் பலகையின் குரல். "போடுங்கள்" மரியாதையாகவும் இருக்கிறது, வாய்ப்பேச்சுக்குப் பக்கத்திலும் இருக்கிறது.

புரிந்ததா என்று எப்படிப் பார்ப்பது? கேள்வி கேட்டால் பரீட்சை வைத்த மாதிரி ஆகிவிடுகிறதே.

"புரிந்ததா?" என்று கேட்டால் "புரிஞ்சது" என்றுதான் பதில் வரும். புரியாவிட்டாலும் அதுதான் வரும், நம் முகத்துக்காக. "எங்கே திருப்பிச் சொல்லுங்கள்" என்றால் பள்ளிக்கூடம் ஆகிவிடும்.

நான் சோதிப்பது தாளை. அதை அப்படியே சொல்லிவிடுகிறேன். "ஐயா, இது நான் எழுதினது. எங்கே சரியா வரலைன்னு பார்க்கணும். வீட்டில் மருமகள் இந்த மாத்திரை எப்படிப் போடணும்னு கேட்டா, இதைப் பார்த்து என்ன சொல்வீங்க?" அவர் சொல்வதில் ஒரு செய்தி விட்டுப்போனால், அந்த வரியைத்தான் குறித்துக்கொள்கிறேன், அவரை இல்லை. ஐந்தாறு பேரிடம் கேட்டால் போதும். அதே வரியில் மூன்று பேர் விட்டால் வரி கெட்டது.

அந்த நேரத்தில் முகத்தைப் பாருங்கள். ஒரு வரியில் வேகமாக "சரி சரி" என்று தலையாட்டினால், தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தாளைப் பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் நீட்டினால் எழுத்து கடினம். படித்துவிட்டுச் சிரித்தால், அல்லது "யாருக்கு இது?" என்று கேட்டால், குரல் தவறிவிட்டது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், மூன்றுக்கும் திருத்தம் வேறு.

முகாமுக்கு முன்னால், வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தத் தாளை உங்கள் டாக்டருக்கே, அவர் நோயாளியாக இருந்தால், கொடுப்பதாக நினைத்து வாய்விட்டு வாசியுங்கள். "சரியா?" என்ற இடத்தில் உங்கள் குரலே தயங்கும். தயங்கிய இடத்தில் கோடு போடுங்கள்.

படம் போடலாமா?

போடலாம். மாத்திரையின் படம், காலை மாலை காட்டும் சூரியன் நிலா, வீங்கிய கணுக்காலின் நேர்மையான கோட்டுப்படம். சிரிக்கும் மாத்திரையும் கண்ணடிக்கும் இதயமும் வேண்டாம். எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல், வரிக்கு வரி இடம் விட்டு. பெரிய எழுத்தில் யாருக்கும் மனவருத்தம் இல்லை, கண்ணுக்கு வேண்டியது அது. ஆச்சரியக்குறிகளை மொத்தமாக எடுத்துவிடுங்கள்.

மரியாதைக்காக எல்லாக் கண்டிப்பையும் எடுத்துவிட்டால் ஆபத்து வராதா?

வரும். அதனால் எல்லாவற்றையும் மென்மையாக்காதீர்கள். அம்லோடிபின் போட்டபின் முகமோ உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு திணறினால், "டாக்டரிடம் பேசுங்கள்" என்று எழுதுவது தவறு. "மாத்திரையை நிறுத்துங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொண்டை அடைத்துக்கொள்ளலாம்." இது கண்டிப்பான கட்டளை, ஆனால் இதைப் படித்து யாரும் தன்னைச் சிறுபிள்ளையாக நடத்தினார்கள் என்று நினைத்ததில்லை. டாக்டரின் மனைவிக்கும் இதையேதான் எழுதுவோம். கட்டளை ஆபத்தின் அளவுக்கு இருந்தால் அது தகவல். படிப்பவரின் வயசைப் பார்த்தோ எழுத்தறிவைப் பார்த்தோ ஏறினால் அதுதான் பிரச்சினை.

ஆகவே ஒரு தாளில் கடுமையான வரி ஒன்றோ இரண்டோ இருக்கட்டும், அவை உண்மையிலேயே உயிர் சம்பந்தப்பட்டவையாக இருக்கட்டும். ஏழு இடத்தில் "கூடாது" இருந்தால் எட்டாவது "கூடாது" கண்ணில் படாது.

வீட்டில் பேரப்பிள்ளைதான் தாளை வாசித்துக் காட்டுகிறது. அப்போது யாருக்காக எழுதுவது?

இதை நாங்கள் தாமதமாகத்தான் யோசித்தோம். பர்மியப் பள்ளியில் படித்து, கோயிலில் தமிழ் கற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாட்டிக்கு வாசித்துக் காட்டுகிறது. "டாக்டர் சொல்வதைக் கேட்டு நடங்கள்", "ஒழுங்காகப் போடுங்கள்" என்று தாளில் இருந்தால், பேத்தி பாட்டியை அதட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு வீட்டில் அப்படி வாசித்த பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டுப் பாட்டியைப் பார்த்ததாக அந்த அம்மாவே சொன்னார். மீதியை அவர் கேட்கவில்லை, தாளை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார்.

அதனால் இப்போது தாள் முடிந்ததும், முகாமுக்கு வரும் பிள்ளைகளில் ஒருவரை அழைத்து, அவர் வீட்டுப் பெரியவர் எதிரில் வாசிக்கச் சொல்கிறோம். பிள்ளை தடுமாறும் சொல் எது என்று பார்க்கிறோம். பிள்ளை குரலைத் தாழ்த்தி, கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டு ஓடுகிற வரி எது என்றும் பார்க்கிறோம். அம்லோடிபின் தாளில் அப்படி ஓடிய கடைசி வரி "தவறாமல் வந்து ப்ரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பது. அதை "அடுத்த முகாம் தேதி" என்று மாற்றி, பக்கத்தில் தேதி எழுத ஒரு கட்டம் போட்டோம். போன மாதம் அந்தப் பிள்ளை அங்கே வந்ததும் நிமிர்ந்து, "பாட்டி, எழுதட்டுமா?" என்று பேனாவைக் கேட்டது.